ஒருமுறை செய்த வார்ப்பு, ஒவ்வொரு வாரமும்

வாரம் ஒருமுறை வெளியாகும் வீடியோ நிகழ்ச்சியில் எடிட்டரின் வேலை இரண்டு வகைப்படும். பேச்சில் எதை வைப்பது, எதை எடுப்பது, எந்தச் சொல்லில் கேமராவை மாற்றுவது என்பதெல்லாம் அந்த வாரத்துக்கே உரியவை. விருந்தினரின் பெயர்ப்பட்டை செய்வது, இரண்டு கேமராக்களின் நிறத்தையும் ஒன்றாக்குவது, கடைசியில் ஃபைலாக வெளியே எடுப்பது ஆகியவை போன வாரமும் செய்தவை, அடுத்த வாரமும் செய்யப்போகிறவை. இந்த இரண்டாவது வகையைத்தான் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள முடியும். அளவுகளையும் அமைப்புகளையும் மட்டும் சேமித்து வைத்தால் அது பிரீசெட். உருவத்தையே செய்து வைத்து, மாற வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டால் அது டெம்ப்ளேட். தமிழில் இதற்கு வழங்கும் வார்ப்புரு என்ற சொல் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. வார்ப்பில் முக்கியமானது எந்தப் பக்கம் மூடியிருக்கிறது, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதுதான்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் உரையாடல் நிகழ்ச்சியை வைத்துக்கொள்ளலாம். ஒரு நடத்துநர், ஒரு விருந்தினர், இரண்டு கேமராக்கள், 26 நிமிடம். எடிட் செய்வது டாவின்சி ரிசால்வில். கீழே வரும் வேலைகளுக்கு அதன் இலவசப் பதிப்பே போதும். வேறு மென்பொருளில் வேலை செய்கிறவர்களுக்குப் பட்டன்களின் பெயர்தான் மாறும், யோசனை மாறாது.

முதல் வேலை கணினியில் இல்லை. வெளியான நான்கு பகுதிகளை வரிசையாக ஓட்டிப் பார்த்து, ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுத வேண்டும்: நான்கிலும் அப்படியே இருப்பது எது, ஒவ்வொன்றிலும் மாறியது எது. இந்த நிகழ்ச்சியில் தொடக்க இசைப்படம், பெயர்ப்பட்டையின் நிறம், எழுத்தின் அளவு, அது திரையில் நிற்கும் இடம், இறுதி அட்டை எல்லாம் மாறாதவை. பெயர், பொறுப்பு, பகுதி எண், அன்றைய தலைப்பு ஆகியவை மாறுபவை. கேமராவின் பதிவு முறை மாறாது. அறையின் வெளிச்சம் மாறும். இந்தத் தாள் இல்லாமல் டெம்ப்ளேட் செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தேவையில்லாததைத் திறந்து வைத்து, தேவையானதைப் பூட்டிவிடுகிறார்கள். மூன்றாவது வாரமே அந்த டெம்ப்ளேட்டை உடைத்துக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

டைட்டிலில் மிகவும் உழைப்பு கேட்பது திரையின் கீழ்ப்பகுதியில் வரும் பெயர்ப்பட்டைதான். பார்வைக்கு எளிமையானது: ஒரு நிறப் பெட்டி, அதன் மேல் பெயர், அடியில் சிறிய எழுத்தில் பொறுப்பு. சிக்கல் பெயரின் நீளத்தில் இருக்கிறது. ஒரு வாரம் வருகிறவர் பெயர் ‘மணி’. அடுத்த வாரம் வருகிறவர் பெயர் ‘கல்யாணசுந்தரம்’, முன்னால் ‘முனைவர்’ என்ற பட்டம் வேறு. குறிப்பிட்ட அகலத்தில் பெட்டியை வரைந்து வைத்தால், முதல் பெயருக்குப் பாதிப் பெட்டி வெறுமையாகக் கிடக்கும், இரண்டாவது பெயர் பெட்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எடிட்டர் வாராவாரம் பெட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தால் அதை டெம்ப்ளேட் என்று சொல்வதில் பொருள் இல்லை. பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குப் பெட்டி தானாக விரிய வேண்டும்.

ரிசால்வின் ஃபியூஷன் பக்கத்தில் இதைச் செய்யலாம். பெயருக்கு ஒரு `Text+` நோடு, பெட்டிக்கு ஒரு `Background` நோடு, அந்தப் பெட்டியின் வடிவத்தைத் தீர்மானிக்க ஒரு `Rectangle` மாஸ்க். எழுதிய எழுத்து திரையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கணக்கு `Text+` நோடிடம் எப்போதும் இருக்கும். அந்தக் கணக்கைப் பெட்டியின் அகலத்துக்குக் கொடுத்துவிட்டால் போதும். மாஸ்கின் `Width` கட்டத்தில் ஒரு சமக்குறி தட்டி என்டர் அழுத்தினால் சூத்திரம் எழுதும் இடம் திறக்கும். அங்கே இதை எழுத வேண்டும்:

```
(Text1.Output.DataWindow[3]-Text1.Output.DataWindow[1])/Text1.Output.Width+0.04
```

எழுத்தின் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்தைக் கழித்தால் அதன் அகலம் பிக்சலில் கிடைக்கும். திரையின் மொத்த அகலத்தால் அதை வகுத்தால், மாஸ்க் எதிர்பார்க்கும் விகிதமாக மாறும். கடைசியில் உள்ள 0.04 இரண்டு பக்கமும் கொஞ்சம் காற்றோட்டம் விடுவதற்கு. எழுத்து இடப்பக்கத்திலிருந்து தொடங்குவதாக இருந்தால் பெயர் நீள நீளப் பெட்டியின் நடுப்புள்ளியும் வலப்பக்கம் நகர வேண்டும். அதற்கு `Center` கட்டத்தில் இது:

```
Point((Text1.Output.DataWindow[1]+Text1.Output.DataWindow[3])/2/Text1.Output.Width, 0.15)
```

0.15 என்பது திரையின் அடியிலிருந்து உயரம். அதை நிகழ்ச்சியின் அமைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அகலத்தைத் தானாக விட்டதுபோல உயரத்தையும் விடலாமே என்று தோன்றும். தமிழுக்கு அது கூடாது. ‘மாலா’ என்ற பெயரில் மேலேயும் கீழேயும் நீட்டும் குறி எதுவும் இல்லை. ‘பூங்கொடி’ என்றால் கீழே ஒரு வால், மேலே ஒரு கொம்பு. உயரத்தையும் எழுத்தோடு கட்டிவிட்டால் நடத்துநரின் பெட்டி ஒரு உயரத்திலும் விருந்தினரின் பெட்டி வேறொரு உயரத்திலும் நிற்கும். இரண்டும் அடுத்தடுத்து வரும்போது கண்ணை உறுத்தும். உயரத்தை மேல்கொம்பும் கீழ்வாலும் உள்ள ஒரு பெயரை வைத்து அளந்து, அந்த அளவிலேயே பூட்டிவிட வேண்டும்.

எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் அசைவை இந்தப் பெட்டியோடு சேர்க்கவும் கூடாது. எழுத்து வர வர அதன் ஓரம் மாறும், அதைப் பின்பற்றும் பெட்டியும் துடித்துக்கொண்டே விரியும். பெட்டியையும் எழுத்தையும் முதலில் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரு `Transform` நோடு போட்டு, முழுப் பட்டையையும் ஒரே பொருளாக நகர்த்தினால் அசைவு சீராக இருக்கும்.

அடுத்த சிக்கல் நேரம். பட்டை 5 விநாடிக்குச் செய்யப்பட்டிருக்கிறது. நொடிக்கு 25 சட்டம் என்றால் 125 சட்டங்கள். முதல் 15 சட்டங்களில் உள்ளே வருகிறது, கடைசி 15 சட்டங்களில் வெளியே போகிறது. ஒரு வாரம் இதை 8 விநாடிக்கு இழுத்தால் என்ன ஆகும்? அசைவு 125-வது சட்டத்தோடு கட்டப்பட்டிருப்பதால் பட்டை 5-வது விநாடியில் வெளியேறிவிடும், மீதி 3 விநாடி வெறும் கிளிப் கிடக்கும். 3 விநாடிக்குச் சுருக்கினால் வெளியேறும் அசைவே வராமல் சட்டென்று மறையும். இதற்கென்றே `Keyframe Stretcher` என்ற நோடு இருக்கிறது. சங்கிலியின் கடைசியில் அதைச் சேர்த்து, நீளும் பகுதியின் தொடக்கம் 20, முடிவு 105 என்று கொடுத்தால், உள்ளே வருவதும் வெளியே போவதும் அதே வேகத்தில் இருக்கும், நடுவில் நிற்கும் நேரம் மட்டும் நீளும் அல்லது சுருங்கும்.

இவ்வளவும் சரியானபின் நோடுகளை எல்லாம் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் `Create Macro` கொடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கான அளவுகளின் பட்டியல் ஒன்று திறக்கும். எடிட் பக்கத்தில் எவையெல்லாம் தெரிய வேண்டும் என்று அதில் குறியிட வேண்டும். இந்த நிகழ்ச்சிக்கு இரண்டே குறிகள் போதும்: பெயர், பொறுப்பு. எழுத்தின் அளவையும் நிறத்தையும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று திறந்து வைக்கும் பழக்கம்தான் பல நிகழ்ச்சிகளைக் குலைக்கிறது. நெருக்கடியில் ஒரு வாரம் யாரோ அளவைக் கொஞ்சம் குறைப்பார்கள். அடுத்த வாரம் அதையே நகலெடுப்பார்கள். ஆறு மாதம் கழித்து முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு நிகழ்ச்சிகள்போல இருக்கும். பெயர் மிக நீளமாகிப் பட்டை பாதித் திரையைத் தாண்டினால், பட்டத்தை அடுத்த வரிக்கு இறக்குவதுதான் சரி. எழுத்தைச் சிறிதாக்குவது அல்ல.

விண்டோஸ் கணினியில் மேக்ரோ சேமிக்கப்பட வேண்டிய இடம் இது:

```
%APPDATA%\Blackmagic Design\DaVinci Resolve\Support\Fusion\Templates\Edit\Titles
```

மென்பொருளை மூடித் திறந்தால், எடிட் பக்கத்தின் டைட்டில் பட்டியலில் மற்றவற்றோடு இதுவும் நிற்கும். ஏற்கெனவே டைம்லைனில் போட்ட பட்டைகள் இந்த ஃபைலின் நகல்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஃபைலைத் திருத்தினால் இனிமேல் போடுபவைதான் மாறும். பழைய பகுதிகள் பழையபடியே இருக்கும், பெரும்பாலும் அதுதான் நல்லது.

தமிழ் எழுத்துக்குத் தனியாக ஒரு சோதனை தேவை. எடிட்டிங் மென்பொருள்கள் பல, ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுத்தை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அடுக்கப் பழகியவை. ‘கொ’ என்ற எழுத்தில் ஒரு குறி மெய்யெழுத்துக்கு முன்னாலும் மற்றொன்று பின்னாலும் நிற்க வேண்டும். எழுத்தைக் கோக்கும் இயந்திரத்துக்கு அது தெரியவில்லை என்றால் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளிவட்டத்தோடு தனியாகத் தொங்கும். பிரீமியர் ப்ரோவில் இதற்கென்று `South Asian and Middle Eastern` என்ற எழுத்துமுறைத் தேர்வு இருக்கிறது. அதைப் போடாமல் தமிழை நம்ப முடியாது. எந்த மென்பொருளானாலும் டெம்ப்ளேட் முடிந்ததும் ‘கெ, கே, கை, கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ’ ஆகியவற்றை அதில் எழுதிப் பார்த்துவிட வேண்டும். இந்த எட்டும் சரியாக வந்தால் பெயர்களில் சிக்கல் வராது. எழுத்துரு ஒவ்வொரு கணினியிலும் நிறுவப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லாத கணினியில் திறந்தால் மென்பொருள் வேறொரு எழுத்துருவைப் போட்டுவிடும். பெட்டி தானாக விரிவதால் எதுவும் பிதுங்காது, அதனாலேயே மாறியது கவனத்துக்கு வராமல் போய்விடும்.

நிறத்துக்கு டெம்ப்ளேட் செய்வதில் பலருக்கும் ஏமாற்றம் வருவதற்குக் காரணம் உண்டு. போன வாரம் அழகாக வந்த நிறத்தைச் சேமித்து, இந்த வாரக் கிளிப்பின் மேல் அப்படியே போட்டால் முகம் பச்சையாகவோ வெளிறியோ நிற்கும். பிரீசெட் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நிறவேலை என்பது ஒரே வேலை அல்ல, மூன்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது. முதலாவது, கேமரா பதிவு செய்த முறையிலிருந்து சாதாரணத் திரை முறைக்குப் படத்தைக் கொண்டுவருவது. இரண்டாவது, அன்றைய வெளிச்சத்துக்கு ஏற்பத் திருத்துவது. மூன்றாவது, நிகழ்ச்சிக்கென்று உள்ள தோற்றத்தைப் பூசுவது. முதலும் மூன்றும் வாராவாரம் ஒன்றே. நடுவில் உள்ளது ஒவ்வொரு வாரமும் புதிது. போன வாரத் திருத்தமும் சேர்ந்தே சேமிக்கப்பட்டதுதான் முகம் பச்சையானதற்குக் காரணம்.

ஆகவே சேமிக்கும் நிறச் சங்கிலியில் ஐந்து நோடுகளைப் பெயரிட்டு வரிசையாக வைப்பது வசதி. எடுத்துக்காட்டு நிகழ்ச்சியில் இரண்டு கேமராக்களும் சோனியின் எஸ்-லாக்3 முறையில் பதிவு செய்கின்றன. முதல் நோடில் `Color Space Transform`, எஸ்-கேமட்3.சினி, எஸ்-லாக்3 ஆகியவற்றிலிருந்து டாவின்சியின் விரிந்த நிறவெளிக்குக் கொண்டுவரும். இரண்டாவது நோடு வெளிச்சத்துக்கும் வெள்ளைச் சமநிலைக்கும். மூன்றாவது தோல் நிறத்துக்கு. இரண்டும் காலியாக, எல்லா அளவும் தொடக்க நிலையிலேயே இருக்க வேண்டும். நான்காவது நோடு நிகழ்ச்சியின் தோற்றம். ஐந்தாவது மறுபடியும் ஒரு `Color Space Transform`, Rec.709, காமா 2.4-க்குக் கொண்டுபோகும். இந்தச் சங்கிலியை ஒரு கிளிப்பின் மேல் செய்து, ஸ்டில்லாக எடுத்து, கேலரியில் `PowerGrade` ஆல்பத்தில் வைக்க வேண்டும். சாதாரண ஸ்டில் ஆல்பம் அந்தப் புராஜெக்டோடு நின்றுவிடும். பவர்கிரேடு அதே புராஜெக்ட் லைப்ரரியில் உள்ள எல்லாப் புராஜெக்டுகளிலும் தெரியும். கேமராவுக்கு ஒன்றாக இரண்டு பவர்கிரேடுகள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரே மாடலாக இருந்தாலும் லென்ஸ் வேறானால் நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கும்.

போடும் வரிசையும் முக்கியம். பவர்கிரேடைக் கிளிப்பின் மேல் போடுவது ஏற்கெனவே அங்கிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வைப்பதாகும். ஒவ்வொரு கிளிப்பாகத் திருத்திவிட்டு, பிறகு தோற்றம் வேண்டும் என்று பவர்கிரேடைப் போட்டால் அரைநாள் உழைப்பு போய்விடும். முதல் கேமராவின் கிளிப்புகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அதன் பவர்கிரேடைப் போட வேண்டும். இரண்டாவது கேமராவுக்கும் அப்படியே. அதன்பிறகுதான் இரண்டாவது நோடில் கை வைக்க வேண்டும்.

தோற்றத்தை டைம்லைன் அளவிலான நோடில் வைத்தால் ஒரே இடத்தில் மாற்றலாமே என்று தோன்றும். ஆனால் அது டைட்டில்களின் மேலும் படியும். வெள்ளைப் பெயர்ப்பட்டை லேசாக மஞ்சளடிக்கிறது, லோகோவின் சிவப்பு மங்கியிருக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். தோற்றம் கிளிப்பின் நோடிலேயே இருக்கட்டும். அதை லட் ஃபைலாக, அதாவது `.cube` ஃபைலாக வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோடு அந்த ஃபைலைப் பெயரால் மட்டும் அழைக்கிறது. அதே பெயரில் புதிய லட்டை மேலெழுதினால் இந்த வாரம் மட்டும் மாறாது. பழைய பகுதியை எப்போது திறந்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்தாலும் அதுவும் மாறிவிடும். `look_v1.cube`, `look_v2.cube` என்று எண்ணிட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

நடு நோடின் வேலையைக் குறைக்கும் வழி படப்பிடிப்புத் தளத்தில் இருக்கிறது. வெள்ளைச் சமநிலையைக் கேமராவின் தானியங்கிக்கு விடாமல் 5600 கெல்வின் என்று இரண்டு கேமராவிலும் பூட்டிவிட வேண்டும். தொடக்கத்தில் விருந்தினரின் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து இரண்டு கேமராவிலும் ஐந்து விநாடி எடுக்க வேண்டும். எஸ்-லாக்3-இல் 18 விழுக்காடு சாம்பல் நிறம், சரியான வெளிச்சத்தில் 41 விழுக்காடு உயரத்தில் நிற்க வேண்டும். அலைவரைபடத்தில் அது 36-இல் இருந்தால் அன்று படம் கொஞ்சம் இருட்டாகப் பதிவாகியிருக்கிறது என்று உடனே தெரியும். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதும் ஊகமாக இல்லாமல் கண்முன் இருக்கும். சாம்பல் அட்டையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே உயரத்துக்கு வரும்வரை திருத்தி, அந்த ஒரு நோடை அந்தக் கேமராவின் மற்றக் கிளிப்புகளுக்கு நகலெடுத்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

மிக மோசமான நாள், ஒரு கேமராவில் யாரோ லாக் முறையை மாற்றி வைத்துவிட்ட நாள். சாதாரண முறையில் பதிவான படத்தின் மேல் எஸ்-லாக்3 மாற்றத்தைப் போட்டால் நிழல் எல்லாம் கறுத்துப்போய், நெற்றி வெளுத்து, உதடு தீப்பிடித்ததுபோல் சிவக்கும். நடு நோடில் எவ்வளவு இழுத்தாலும் சரியாகாது. சந்தேகம் வந்தால் எல்லா நோடுகளையும் அணைத்துவிட்டு, வெறும் கிளிப்பின் அலைவரைபடத்தைப் பார்க்க வேண்டும். எஸ்-லாக்3-இல் முழுக் கறுப்புகூட அடிக்கோட்டைத் தொடாமல் சற்று மேலேயே நிற்கும். தலைமுடியின் நிழல் அடிக்கோட்டில் ஒட்டிக்கிடந்தால் அது லாக் அல்ல. அந்தக் கிளிப்புகளுக்கு முதல் நோடில் உள்நுழையும் முறையை Rec.709 என்று மாற்றினால், மீதி நான்கு நோடுகளும் வழக்கம்போல வேலை செய்யும். மூன்று வேலைகளையும் தனித்தனி நோடில் வைத்ததன் பயன் இப்படிப்பட்ட நாளில்தான் முழுதாகத் தெரியும்.

எக்ஸ்போர்ட்டுக்கு வந்தால், `Deliver` பக்கத்தில் அமைப்புகளை ஒருமுறை சரியாகப் போட்டு `Save as New Preset` கொடுப்பது இரண்டு நிமிட வேலை. யோசிக்க வேண்டியது எத்தனை பிரீசெட் என்பதைத்தான். இந்த நிகழ்ச்சிக்கு மூன்று தேவைப்படும். யூடியூபுக்கு 1080p, எச்.264, எம்பி4. சரிபார்க்க வாட்ஸ்அப்பில் அனுப்ப 720p-இல் ஒரு சிறிய ஃபைல். களஞ்சியத்துக்கு புரோரெஸ் 422 எச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூ. யூடியூப் தனக்கு வரும் ஃபைலை மறுபடியும் சுருக்கிக்கொள்ளும். நொடிக்கு 25 அல்லது 30 சட்டம் உள்ள 1080p படத்துக்கு அது பரிந்துரைப்பது 8 மெகாபிட். இருமுறை சுருங்குவதில் இழப்பு குறைய 20 மெகாபிட் கொடுப்பது நல்லது. அதன் விலையைக் கணக்கிட்டே பார்க்கலாம். 26 நிமிடம் என்பது 1,560 விநாடி. நொடிக்கு 20 மெகாபிட் என்றால் 31,200 மெகாபிட். எட்டால் வகுத்தால் 3,900 மெகாபைட், ஏறத்தாழ 3.9 ஜிபி. 8 மெகாபிட்டில் இதுவே 1.56 ஜிபி. இணைய வேகம் குறைந்த ஊரில் இந்த வேறுபாடு பதிவேற்றத்தில் மணிக்கணக்காகலாம். அங்கே 12 மெகாபிட்டில் நிறுத்திக்கொள்வது நியாயம்.

ஒலி அளவையும் இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். யூடியூப் ஏறத்தாழ −14 லஃப்ஸுக்கு மேல் உள்ள ஒலியைத் தானாகக் குறைக்கும், குறைவாக இருப்பதை உயர்த்தாது. ஐரோப்பியத் தொலைக்காட்சி ஒலிபரப்பின் அளவான −23 லஃப்ஸில் வைத்துப் பதிவேற்றினால், முன்னும் பின்னும் வரும் வீடியோக்களைவிட இந்த நிகழ்ச்சி மெலிதாகக் கேட்கும். டைம்லைனின் முதன்மை ஒலித்தடத்தில் −1 டெசிபலில் நிற்கும் லிமிட்டரை வைத்து, அதையும் டெம்ப்ளேட்டில் சேர்த்துவிடுவது நல்லது.

ஃபைலின் பெயரைக் கையால் தட்டாமல், பெயர்க் கட்டத்தில் `%` தட்டினால் வரும் பட்டியலிலிருந்து டைம்லைன் பெயரைத் தேர்ந்தெடுத்து வைத்தால், `E042` என்ற டைம்லைன் அதே பெயரில் வெளியே வரும். போன வாரப் பெயரிலேயே எக்ஸ்போர்ட் செய்து பழைய ஃபைலை அழித்துவிடும் விபத்து இதனால் தவிரும். இன்னொரு விபத்து அரைகுறை ஃபைல். எடிட்டின்போது ஒரு பகுதியைச் சோதிக்கப் போட்ட இன், அவுட் குறிகள் டைம்லைனிலேயே தங்கிவிட்டால், அந்தத் துண்டு மட்டும் ரெண்டராகும். ரெண்டர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்தால் மகிழ்வதற்கு முன், ஃபைலின் நீளத்தையும் டைம்லைனின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றையும் ஒன்றாகத் தாங்குவது டெம்ப்ளேட் புராஜெக்ட். காலியான ஒரு புராஜெக்டைத் திறந்து, அதில் முதலில் சட்ட வேகத்தை முடிவு செய்ய வேண்டும். காட்சிகளைச் சேர்த்துவிட்டால் ரிசால்வ் அதை மாற்ற விடாது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 சட்டமும் 1/50 ஷட்டரும் வைத்தால் குழல்விளக்கின் மினுமினுப்பு படத்தில் வராது. பிறகு கேமரா 1, கேமரா 2, ஒலி, படங்கள் என்று தொட்டிகள். ஒரு டைம்லைனில் தொடக்க இசைப்படம், அதற்கடுத்து நடத்துநரின் பெயர்ப்பட்டை, விருந்தினருக்கான காலிப் பட்டை, கடைசியில் இறுதி அட்டை. இவற்றைத் தனித்தனித் தடங்களில் வைத்து, இசைப்படம் இறுதி அட்டை ஆகியவற்றின் ஃபைல்கள் என்றும் இடம் மாறாத ஒரு ஃபோல்டரில் இருக்க வேண்டும். அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிய வாரமே திரையில் சிவப்பாக `Media Offline` வந்து நிற்கும். எல்லாம் அமைந்ததும் புராஜெக்டை `.drp` ஃபைலாக வெளியே எடுத்து வைக்க வேண்டும். வாராவாரம் அந்த ஃபைலை உள்ளே இழுத்து, புதுப்பெயர் கொடுத்துத் தொடங்கினால், போன வாரத்தின் எச்சம் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. முடிந்த புராஜெக்டையே நகலெடுத்துத் தொடங்குகிறவர்களுக்குப் பழைய குறிகள், பழைய பெயர், சில நேரம் பழைய விருந்தினரே கூட வந்துசேர்வதுண்டு.

புதிய வாரம் இப்படித்தான் ஓடும். டெம்ப்ளேட்டை இறக்கி, டைம்லைனுக்கு `E042` என்று பெயர். இரண்டு கேமராவின் காட்சிகளும் அவற்றின் தொட்டிகளுக்கு. ஒலியை வைத்து இரண்டையும் ஒத்திசைத்து, உரையாடலை வெட்டும் வேலை தொடங்கும். அன்றைய நாளின் பெரும்பகுதி அங்கேதான் போகும், போகவும் வேண்டும். வெட்டு முடிந்ததும் பவர்கிரேடு, சாம்பல் அட்டையைப் பார்த்து நடு நோடு, கிளிப் கிளிப்பாக ஒரு பார்வை. பெயரும் பொறுப்பும் தட்டப்படும். மூன்று பிரீசெட்டையும் ரெண்டர் வரிசையில் சேர்த்துவிட்டு எழுந்துவிடலாம்.

டெம்ப்ளேட்டில் திருத்தம் தேவைப்பட்டால் அதை அந்த வாரப் புராஜெக்டுக்குள் செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. தாளில் குறித்துவைத்து, பகுதி வெளியான பிறகு மூல ஃபைலில் செய்து, `v2` என்று புதிதாகச் சேமிக்க வேண்டும். வெளியீட்டு நாளன்று மூலத்தைத் தொடுவது ஆபத்து. பெயர்ப்பட்டையில் ஒரு சூத்திரம் தவறினால் அன்றைய எல்லாப் பட்டைகளும் சேர்ந்தே உடையும்.

கணினி மாறும்போது எது கூட வராது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பவர்கிரேடுகள் புராஜெக்ட் லைப்ரரியில் வாழ்கின்றன, புராஜெக்டுக்குள் அல்ல. அவற்றைக் கேலரியிலிருந்து ஏற்றுமதி செய்தால் ஒரு படமும் அதன் பக்கத்தில் ஒரு `.drx` ஃபைலும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். பெயர்ப்பட்டை `.setting` ஃபைலாக மேலே சொன்ன ஃபோல்டரில் இருக்கும். ரெண்டர் பிரீசெட்டையும் தனி ஃபைலாக வெளியே எடுக்கலாம். இவற்றோடு எழுத்துரு, லட், டெம்ப்ளேட் புராஜெக்டின் `.drp` எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, கணினிக்கு வெளியே ஒரு டிஸ்க்கில் ஒரு நகல் வைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் களஞ்சியத்தில் சேர்க்கும்போது, அது எந்தப் பதிப்பு டெம்ப்ளேட்டில் செய்யப்பட்டது என்று ஒரு வரி எழுதி அதே ஃபோல்டரில் போட்டுவைத்தால், இரண்டு வருடம் கழித்து அந்தப் பகுதியில் ஒரு பெயரைத் திருத்தி மறுபடி வெளியிட வேண்டி வந்தாலும், அன்றிருந்த அதே பட்டையையும் அதே நிறத்தையும் எடுத்துப் போட முடியும்.